கொஞ்சம், கொஞ்சமும்: 'சம்', 'எனி' இரண்டும் பிரியும் இடம்

கேள்வி: பாசிட்டிவ் வாக்கியத்துக்கு 'சம்', கேள்விக்கும் நெகட்டிவுக்கும் 'எனி' என்று பள்ளியில் படித்தேன். அதன்படி 'ஐ டோன்ட் ஹேவ் சம் மணி' தப்பு, 'டூ யூ ஹேவ் எனி டீ?' சரி. ஆனால் வீட்டுக்குப் போனால் 'வுட் யூ லைக் சம் டீ?' என்று கேட்கிறார்கள். அதுவும் கேள்விதானே? பேசும்போது விதியை யோசிக்காமல் சரியாக வருவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்:

வழி இருக்கிறது, அது உங்கள் வாயிலேயே இருக்கிறது. இதே வேலையைத் தமிழில் தினமும் தப்பில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஆங்கிலம் இரண்டு தனிச் சொற்களை வைத்துச் செய்வதைத் தமிழ் சொல்லின் வாலில் செய்கிறது. அதனால் அது நம் கண்ணில் படுவதில்லை.

பணத்திலிருந்தே ஆரம்பிப்போம். 'என்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது' என்ற வாக்கியத்தை மறுத்துச் சொல்லிப் பாருங்கள். 'என்னிடம் கொஞ்சம் பணம் இல்லை' என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். 'கொஞ்சமும் இல்லை', 'கொஞ்சம்கூட இல்லை', 'ஒரு பைசாவும் இல்லை', இல்லாவிட்டால் வெறுமனே 'பணம் இல்லை' என்பீர்கள். 'கொஞ்சம் பணம் இல்லை' என்பது உங்கள் காதில் எப்படி உறுத்துகிறதோ, அதே உறுத்தல்தான் ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு 'ஐ டோன்ட் ஹேவ் சம் மணி' என்று கேட்கும்போது. காரணமும் ஒன்றே. 'கொஞ்சம்', 'சம்' இரண்டும் 'ஒரு அளவு இருக்கிறது' என்று முதலில் ஒத்துக்கொள்கிற சொற்கள். ஒத்துக்கொண்டதை வாக்கியம் முடிவதற்குள் இல்லை என்றால் இடிக்கிறது. இல்லாமையைச் சொல்ல அளவை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். அதைத் தமிழில் 'உம்' செய்கிறது, ஆங்கிலத்தில் 'எனி' செய்கிறது.

இங்கே ஒரு சின்ன ஆறுதல். 'ஐ டோன்ட் ஹேவ் மணி' என்று எதுவும் சேர்க்காமல் சொன்னால் தப்பு என்று பலர் பயப்படுகிறார்கள். இலக்கணப்படி அது தப்பே இல்லை. இப்போது கையில் இல்லை என்ற பொருளில் 'ஐ டோன்ட் ஹேவ் எனி மணி' இன்னும் இயல்பாக இருக்கும், அவ்வளவுதான். 'எனி'யை அழுத்திச் சொன்னால் சுத்தமாக இல்லை என்று ஆகும்.

இனி கேள்விச் சொற்களைப் பார்ப்போம், அங்கேதான் விஷயம் முழுதாகத் தெரிகிறது. 'யார்' என்ற ஒரே சொல்லில் மூன்று வால்களை ஒட்டிப் பார்க்கலாம். 'யாரோ வந்திருக்கிறார்.' 'யாரும் வரவில்லை.' 'யாராவது வந்தார்களா?' முதலாவதில் வந்தவர் ஒருவர் உண்டு, யார் என்றுதான் தெரியவில்லை. இரண்டாவதில் ஆளே இல்லை. மூன்றாவதில் உண்டா இல்லையா என்றே தெரியாது.

'ஓ' வந்தால் ஆங்கிலத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'சம்' போடுங்கள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்றால் 'சம்வன் இஸ் காலிங்.' எங்கேயோ வைத்துவிட்டேன் என்றால் 'ஐ புட் இட் சம்வேர்.' யாரோ ஒரு ஆள் வந்து உன்னைக் கேட்டுவிட்டுப் போனான் என்பதற்கு 'சம் மேன் கேம் ஆஸ்கிங் ஃபார் யூ' என்று ஒருமையிலேயே 'சம்' வரும். அந்த 'சம்' இங்கே அளவைக் குறிக்கவில்லை, அப்படியே நம் 'யாரோ'தான்.

'உம்' வந்தால் 'எனி'. இது நெகட்டிவுக்கு மட்டும் பொருந்தும் சூத்திரம் என்று நினைக்காதீர்கள். பள்ளி விதி கோட்டைவிடும் இடங்களையும் இந்த 'உம்' பிடித்துவிடுகிறது. 'அவர் எதையும் சொல்ல மறுத்துவிட்டார்.' இதன் ஆங்கிலத்தில் 'நாட்' கிடையாது, வாக்கியம் பார்ப்பதற்கு பாசிட்டிவ்தான். ஆனாலும் 'ஹீ ரிஃப்யூஸ்டு டு சே எனிதிங்' என்றுதான் வரும். 'எந்தச் சிரமமும் இல்லாமல் வந்து சேர்ந்தோம்' என்றால் 'வித்அவுட் எனி ட்ரபிள்.' 'மற்ற யாரையும்விட அவள் வேகமாக ஓடுவாள்' என்றால் 'ஃபாஸ்டர் தன் எனிவன் எல்ஸ்.' எதையும் சாப்பிட முடியாத அளவுக்குக் களைப்பு என்றால் 'டூ டயர்ட் டு ஈட் எனிதிங்.' மறுப்பும் ஒப்பீடும் இயலாமையும் வருகிற ஒவ்வொரு இடத்திலும் தமிழ் தானாக 'உம்' போட்டுக்கொள்கிறது, ஆங்கிலம் தானாக 'எனி' போட்டுக்கொள்கிறது.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. 'இந்த மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கும்', 'இந்த மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.' இரண்டிலும் 'எந்தக் கடையிலும்' மாறவே இல்லை. ஆங்கிலத்திலும் அதே கதை: 'யூ கேன் கெட் இட் இன் எனி ஷாப்', 'யூ கான்ட் கெட் இட் இன் எனி ஷாப்.' எந்தக் கடையைத் தொட்டாலும் விடை ஒன்றுதான் என்பதே இந்த 'உம்', 'எனி' இரண்டுக்கும் அடிப்படை. விடை ஆமாம் என்றால் எங்கும் கிடைக்கும், இல்லை என்றால் எங்கும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: பாசிட்டிவ் வாக்கியத்தில் எல்லா 'உம்'மும் 'எனி' ஆகாது. 'அவர் எப்போதும் வருவார்' என்றால் 'ஆல்வேஸ்', 'எங்கும் தண்ணீர்' என்றால் 'எவ்ரிவேர்.' எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருள் வந்தால்தான் 'எனி'. சந்தேகம் வந்தால் 'வேண்டுமானாலும்' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'எந்தக் கடையில் வேண்டுமானாலும் கிடைக்கும்' சரியாகப் பொருந்துகிறது. 'எங்கே வேண்டுமானாலும் தண்ணீர்' என்றால் நாக்கு மறுக்கிறது.

இவ்வளவு துணை செய்கிற இந்த 'உம்' ஒரு இடத்தில் நம்மைக் குழியில் தள்ளும். நான் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கில வகுப்பு எடுத்த வருடங்களில் அதிகமாகத் திருத்திய வாக்கியம் 'ஐ டோன்ட் ஹேவ் சம் மணி' இல்லை. 'எனிபடி டிட் நாட் கம்.' யாரும் வரவில்லை என்பதை நேராகக் கொண்டுபோய்ப் போட்டது. சொல்லுக்குச் சொல் சரிதான்: யாரும் என்றால் எனிபடி, வரவில்லை என்றால் டிட் நாட் கம். ஆனால் ஆங்கிலத்தில் இது வாக்கியமே ஆகாது.

தமிழில் 'இல்லை' வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'யாரும்' என்று ஆரம்பித்துவிட்டு, கேட்பவர் கடைசி வரை காத்திருப்பார் என்ற நம்பிக்கையில் நாம் பேசுகிறோம். ஆங்கிலம் அப்படிக் காத்திருக்காது. 'எனி' இல்லாமையைச் சொல்ல வேண்டுமானால், மறுக்கும் சொல் அதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். 'ஐ டிடின்ட் சீ எனிபடி' சரி, ஏனென்றால் 'டிடின்ட்' முன்னால் வந்துவிட்டது. எழுவாய் இடத்தில் 'எனிபடி' நின்றால் அதற்கு முன் மறுப்பு வர இடமே இல்லை. அதனால் மறுப்பை எழுவாய்க்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள்: 'நோபடி கேம்.' எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை என்றால் 'நோ ஷாப் வாஸ் ஓபன்.' எதுவும் நடக்கவில்லை என்றால் 'நத்திங் ஹேப்பண்ட்.'

இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே 'நோபடி டிடின்ட் கம்' என்று வருவார்கள். அதுவும் தமிழ் வாசனைதான், 'வரவில்லை'யை விட மனசு வராது. ஆனால் 'நோ', 'நாட்' இரண்டில் ஒன்றே போதும். வழக்கு ஆங்கிலத்தில் சில இடங்களில் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பது உண்மை. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அது எடுபடாது.

சரி, இப்போது உங்கள் டீக்கு வருகிறேன். மூன்றாவது வால் 'ஆவது' இருக்கிறதே, அதுதான் தொந்தரவு. அது 'சம்' ஆகவும் போகும், 'எனி' ஆகவும் போகும். வாக்கியம் கேள்வியா என்று பார்த்தால் இங்கே விடை கிடைக்காது. கேட்பவர் எந்த விடையை நோக்கிச் சாய்ந்து நிற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

'ஏதாவது சாப்பிட்டீங்களா?' என்று மருத்துவமனையில் நர்ஸ் கேட்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறா இல்லையா என்பது தெரிய வேண்டும். எந்தப் பக்கமும் சாய்வு இல்லை. 'டிட் யூ ஈட் எனிதிங்?' அதே சொல்லை வீட்டுக்கு வந்தவரிடம் அத்தை கேட்கிறார்: 'ஏதாவது சாப்பிடுறீங்களா?' சாப்பிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 'வுட் யூ லைக் சம்திங் டு ஈட்?' வடிவத்தில் இரண்டும் கேள்வி. ஒன்று தகவல் கேட்கிறது, மற்றது உபசாரம்.

டீயும் அப்படியே. கடையில் போய் 'டூ யூ ஹேவ் எனி டீ?' என்றால், இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது என்று பொருள். வீட்டுக்காரர் விருந்தாளியிடம் 'வுட் யூ லைக் சம் டீ?' என்றால், டீ இருக்கிறது, நீங்கள் குடிப்பீர்கள் என்ற நினைப்பு. இங்கே 'எனி டீ' என்று கேட்டால் இலக்கணப் பிழை ஆகிவிடாது. ஆனால் உபசாரத்தின் சூடு குறைந்துவிடும். பாத்திரம் கழுவப்போகிற நேரத்தில் 'டீ ஏதும் வேணுமா, இல்ல எடுத்து வெச்சிடட்டுமா' என்று கேட்பது போல இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் 'எனி மோர் ரைஸ்?' என்று கேட்பது சர்வ சாதாரணம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மனசார இன்னும் போட நினைத்தால் 'சம் மோர்.'

கேட்டு வாங்கும்போதும் 'சம்'தான். 'கேன் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?' தண்ணீர் கிடைக்கும் என்று நம்பித்தானே கேட்கிறோம். நம்மூர் 'கொஞ்சம் தண்ணி குடுங்க'வில் 'கொஞ்சம்' அளவைச் சொல்வதை விட மரியாதையைச் சொல்வது மாதிரி, இந்த 'சம்'மும் பாதி மரியாதைக்காக நிற்கிறது.

சாய்வைப் பிடிப்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். வெளியே போய்விட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். 'எனக்கு யாராவது போன் பண்ணாங்களா?' என்று பொதுவாகக் கேட்டால் 'டிட் எனிவன் கால் மீ?' மாடிப்படி ஏறும்போதே வீட்டுக்குள் போன் அடித்தது காதில் விழுந்தது என்று வையுங்கள். அப்போது 'டிட் சம்வன் கால் மீ?' என்று கேட்பீர்கள். வந்த அழைப்பு ஒன்று உண்டு என்று உங்களுக்கு ஏற்கெனவே தோன்றிவிட்டது. தமிழில் அந்த நிலையில் 'யாரோ கூப்பிட்டாங்க போல?' என்று வால் மாறிவிடும், கவனித்தீர்களா? 'ஆவது'வை 'ஓ' ஆக்கிச் சொன்னாலும் உங்கள் மனதில் இருப்பது மாறவில்லை என்றால் 'சம்' போட்டுவிடலாம்.

'இஃப்' வந்தாலும் இதே சாய்வு வேலை செய்யும். மிரட்டினால் 'எனி' பக்கமும், ஆசை காட்டினால் 'சம்' பக்கமும் நாக்கு போகும். 'இஃப் யூ டச் எனி ஆஃப் மை புக்ஸ்...' என்று அண்ணன் தம்பியை மிரட்டுவான், அது நடக்கக் கூடாது என்பது அவன் விருப்பம். 'இஃப் யூ ரீட் சம் இங்கிலிஷ் எவ்ரி டே, யூ வில் இம்ப்ரூவ்' என்று ஆசிரியர் சொல்வார், அது நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1969-இல் ராபின் லேக்காஃப் என்ற மொழியியலாளர் இந்தச் சாய்வை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 'சம்-எனி விதி எதுவும் இருக்க முடியாததற்குச் சில காரணங்கள்' என்பது அதன் தலைப்பு. ஆங்கிலத் தலைப்பில் 'சம்', 'எனி' இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும். நான் தமிழில் எழுதியபோது அந்த இடங்களில் 'சில'வும் 'எதுவும்' என்பதும் தாமாக வந்து விழுந்தன.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நெகட்டிவில் 'சம்' வரவே கூடாது என்று மனதில் பதித்துக்கொண்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். வரும், ஆனால் பொருள் வேறு. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில், அசடு வழிந்து.

ஒரு வாடிக்கையாளரிடம் பத்து ஆவணங்கள் கேட்டிருந்தோம். எட்டு வந்துவிட்டது. ஒரு வங்கி ஸ்டேட்மென்ட்டும் வாடகை ஒப்பந்தமும்தான் பாக்கி. நினைவூட்டிக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மனதில் இருந்தது 'சில ஆவணங்கள் வரவில்லை' என்பது. நெகட்டிவ் என்றால் 'எனி' என்று பள்ளியில் அடித்துச் சொல்லியிருந்ததால் 'வி ஹேவ் நாட் ரிசீவ்டு எனி ஆஃப் தி டாக்யுமென்ட்ஸ்' என்று எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன். எட்டு ஃபைல் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு, ஒன்றுகூட வரவில்லை என்று கடிதம் போனால் எப்படி இருக்கும்? அனுப்பியதையெல்லாம் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

நான் எழுதியிருக்க வேண்டியது 'வி ஹேவ் நாட் ரிசீவ்டு சம் ஆஃப் தி டாக்யுமென்ட்ஸ்.' இங்கே 'சம்' நெகட்டிவுக்குள் மாட்டிக்கொள்ளவில்லை, வெளியே நிற்கிறது. சில ஆவணங்கள் உண்டு, அவற்றைப் பற்றிச் சொன்னால் அவை வரவில்லை, என்று பிரித்துப் படிக்க வேண்டும். 'எனி' நெகட்டிவின் பிடிக்குள் நிற்கிறது, எந்த ஆவணத்தை எடுத்தாலும் வரவில்லை. தமிழில் 'சில ஆவணங்கள் வரவில்லை' என்பதற்கும் 'எந்த ஆவணமும் வரவில்லை' என்பதற்கும் உள்ள அதே தூரம். 'கொஞ்சம் பணம் இல்லை' உறுத்தியது, 'சில ஆவணங்கள் வரவில்லை' உறுத்தவில்லை. குறிப்பிட்ட ஒரு தொகுதியில் இது உண்டு, அது இல்லை என்று பிரித்துப் பேசுகிறோமே, அதனால்தான். அதனால் 'சம் ஆஃப் தி' என்று தொகுதியைக் காட்டிவிட்டால் நெகட்டிவிலும் 'சம்' உறுத்தாது. இன்றைக்கு நானே எழுதினாலும், படிப்பவருக்கு ஒரு நொடித் தடுமாற்றம்கூட வேண்டாம் என்று, 'சம் ஆஃப் தி டாக்யுமென்ட்ஸ் ஆர் ஸ்டில் பெண்டிங்' என்று நெகட்டிவையே தூக்கிவிடுவேன்.

இன்னொன்றும் உங்கள் கேள்வியின் ஓரத்தில் இருக்கிறது. 'எனி டீ' சரி என்று தெரிந்தவுடன் 'டூ யூ ஹேவ் எனி பென்?' என்று கேட்க ஆரம்பிப்பார்கள். இந்தியாவில் பேசும் ஆங்கிலத்தில் இது சாதாரணமாகக் காதில் விழும். டீயை எண்ண முடியாது, அதனால் அப்படியே 'எனி டீ.' பேனாவை எண்ணலாம். எண்ணக்கூடிய பொருளைக் கேட்கும்போது 'எனி' பன்மையைத்தான் எதிர்பார்க்கும்: 'டூ யூ ஹேவ் எனி பென்ஸ்?' கடையில் இது பொருந்தும். பக்கத்து சீட்காரரிடம் எழுத ஒன்று வேண்டும் என்றால் 'டூ யூ ஹேவ் அ பென்?' போதும். தமிழில் அந்த நேரத்தில் நீங்கள் 'ஏதாவது பேனா இருக்கா?' என்று கேட்பதில்லை, 'பேனா இருக்கா?' என்றுதான் கேட்பீர்கள்.